அதுல் மாமா சொல்லாமல் போய்விட்டார்

வீடியோ கேம் என்றால் துப்பாக்கியும் காரும்தான் என்று நினைப்பவரா நீங்கள்? தயவுசெய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எனக்குக் கடன் கொடுங்கள். ‘வெண்பா’ முடிய ஒன்றரை மணி நேரம் போதும். முடிந்ததும் நீங்களே என்னைக் கூப்பிட்டுத் திட்டுவீர்கள். “இப்படி அழ வைப்பேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல” என்பீர்கள். அதனால்தான் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அழுவீர்கள். எதற்காக அழுவீர்கள் என்பதையும் கதையைக் கெடுக்காமல் சொல்கிறேன்.

‘வெண்பா’ டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. அபி என்ற தமிழ் இளைஞர் தலைமையில் உருவாகி 2023 ஜூலை கடைசியில் வந்தது. மறு வருடமே பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் ஆட்டம் என்ற பரிசை வாங்கியது. பரிசை விடுங்கள், கதைக்கு வருவோம். 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தம்பதி வெண்பாவும் பாவலனும். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று வெண்பாவிடம் இருக்கிறது. அதில் சில இடங்கள் கிழிந்து, சில இடங்கள் அழிந்து போயிருக்கின்றன. விட்டுப்போன வரி என்னவாக இருக்கும் என்று யோசித்து நீங்கள் சமைக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். நேரக் கெடு கிடையாது, மதிப்பெண் கிடையாது. தப்பாகப் போனால் மறுபடி செய்யலாம், திணறினால் குறிப்பும் கொடுக்கும்.

முதல் சமையல் இட்லி. தட்டுகளைக் கண்டபடி அடுக்கினால் ஆவி போக வழியில்லாமல் இட்லி வேகாது. நான் விறுவிறுவென்று அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலியில் இருந்த பெரியம்மா, “டேய், துணியை நனைச்சியா?” என்றார். அறுபது வருடம் இட்லி ஊற்றிய கை அது. கேம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர், அன்றைக்குக் கன்ட்ரோலரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார். புட்டு வந்தபோது குழாயின் பாகங்களை எந்த வரிசையில் மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஆட்டத்தில் எனக்குத் தலைகால் புரியாமல் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. துக்கத்தை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. அதை உங்கள் கைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மகன் கவினுக்குப் பள்ளிக்கூடத்தில் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூச்சம். பிறகு தமிழ் பேசவும் கூச்சம். அவன் வளர வளர, சமைக்கிற உங்களுக்கு அது தெரிகிறது. அதே அக்கறையோடுதான் அரிசி களைகிறீர்கள், ஆனால் யாருக்காக என்ற கேள்வி வந்துவிடுகிறது. மகன் வருவான் என்று அடுப்பு நிறையச் சமைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பின்னால் கவினே சமைக்க வருகிறான். அம்மாவின் புத்தகத்தைப் படிக்கத் தடுமாறும் அந்தப் பையன் நீங்கள்தான். நமக்குச் சரளமாகத் தெரிந்த எழுத்தின் முன்னால் நம்மையே திக்க வைக்கிறார்கள். என்ன ஒரு துணிச்சல்!

சரி, எச்சரிக்கை. குடும்பத்தில் ஒரு சாவு உண்டு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே விழும் இடைவெளி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஓடும். வெளிநாட்டில் ஒதுக்கப்படுகிற வலியும் உண்டு. ரத்தம், பேய், திடுக்கிடல் எதுவும் கிடையாது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்க, சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் பெற்றோர் மட்டும் தனியாக இருக்கிற எத்தனையோ வீடுகளில் இது வேறு மாதிரி குத்தும். அவர்கள் கூட யாராவது இருக்கும்போது ஆடுவது நல்லது. பசிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

‘வெண்பா’ உங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்தது ‘ஸ்பிரிட்ஃபேரர்’. இது மதியத்தில் முடியாது. இருபத்தைந்து, முப்பது மணி நேரம் ஆகும். நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆடினேன். பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த ஜன்னல் இருந்தால் இதற்குத் தனிச் சௌகரியம், ஏனென்றால் ஆட்டம் பெரும்பாலும் படகில்தான். மாண்ட்ரியலின் தண்டர் லோட்டஸ் 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. ஸ்டெல்லா என்ற பெண்ணும் டஃபோடில் என்ற பூனையும். இறந்தவர்களின் ஆவிகளைப் படகில் ஏற்றி, அவர்கள் கிளம்பத் தயாராகும்வரை பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. ஒவ்வொருவருக்கும் படகில் ஒரு வீடு கட்டுகிறீர்கள், பிடித்ததைச் சமைத்துத் தருகிறீர்கள், கட்டிப்பிடிக்கிறீர்கள். ஆமாம், கட்டிப்பிடிப்பதற்கென்றே தனியாக ஒரு செயல் இருக்கிறது! சிலர் ஆசையாக வருவார்கள், எலேனா மாதிரி சிலர் கிட்டவே விட மாட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு விதி. ஒரே பதார்த்தத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை நீட்டினால் வாங்க மாட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளில், யார் நேற்று என்ன சாப்பிட்டார் என்று என் மண்டைக்குள் தானாகவே ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கணக்கு என்னவென்று தெரியும்.

ஒருவர் தயார் என்று சொன்னதும் எவர்டோர் என்ற வாசலுக்குச் சின்னப் படகில் கூட்டிப்போக வேண்டும். தண்ணீர் சிவப்பாக இருக்கும். மெதுவாகத்தான் துடுப்புப் போட முடியும். போகிற வழியில் அவர்கள் பேசுகிறார்கள். அதில் சமாதானமானவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு, கடைசி வரை யார்மீதோ கோபமாக இருப்பவர்களும் உண்டு. திரும்பி வந்தால் அவர்கள் வீடு படகில் அப்படியே நிற்கும். உள்ளே ஒரு பூ இருக்கும்.

இப்படி ஒரு முறைக்கு உங்களைப் பழக்கிவிட்டு அதை ஒருவர் விஷயத்தில் உடைக்கிறார்கள். அதுல் மாமா. தவளை உருவம், பெருத்த வயிறு, ஆணியும் சுத்தியலுமாக எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும் குஷியான ஆள், சாப்பாட்டுப் பிரியர். இது பிடிக்கும், அது பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் சமைத்துக் குவித்தேன். கடைசியில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு விருந்து வேண்டும் என்றார். செய்தேன். அடுத்த நாள் காலையில் அவர் படகில் இல்லை. வாசல் இல்லை, சிவப்புத் தண்ணீர் இல்லை, விடைபெறல் இல்லை. நான் படகு முழுக்கத் தேடினேன். ஏதோ கோளாறு என்று நினைத்து ஆட்டத்தை மூடித் திறந்தும் பார்த்தேன். அவர் வீட்டுக்குள் அந்தப் பூ இருந்தது.

என் அப்பாவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர், எழவில்லை. சடங்குகள் எல்லாம் முறையாக நடந்தன. ஆனால் “போயிட்டு வரேன்” என்ற அந்த ஒன்று இல்லாமல் போனதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. ஒரு தவளை அதை எனக்குச் சரியாக எடுத்துச் சொன்னது. கதாசிரியர் மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு வாசல் வைத்தால்தான் இவருக்கு இல்லாதது உறைக்கும். இந்த ஆட்டத்தில் இதைவிடப் பெரிய கலை நுட்பம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு எச்சரிக்கை கொஞ்சம் நீளம். அழகான வண்ணங்களைப் பார்த்து மென்மையான ஆட்டம் என்று முடிவு கட்டிவிடுவோம், அதனால்தான் சொல்கிறேன். ஆலிஸ் பாட்டியின் பகுதியில் ஞாபக மறதி நோய் வரும். நடை தளரும், உங்களை மகள் என்று நினைப்பார், அவருக்குப் பிடித்த மாதிரி உடுத்திக்கொண்டு கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் அந்த நோய் இருக்கிறவர்கள் இது வருகிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. க்வென் என்ற மானின் கதையில் கொடுமையான அப்பாவும் சோர்ந்து ஒதுங்கிக்கொள்ளும் மனமும் வரும். ஸ்டான்லி ஒரு குழந்தை. குழந்தையையும் அந்த வாசலுக்கு நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். 2021இல் இலவசமாகச் சேர்த்த ஜாக்கி, டாரியா பகுதியில் மருத்துவமனையில் இருக்கும் மனநோயாளியும் தன்னைத்தானே வெறுக்கும் ஒருவரும் வருகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. படகில் மீன் பிடித்துக்கொண்டு சும்மாவும் இருக்கலாம்.

எச்சரிக்கையை ஒழுங்காக எழுதிய ஆட்டம் என்றால் ‘ஹெல்பிளேட்’, 2017. செனுவா என்ற போர்வீராங்கனைக்குக் குரல்கள் கேட்கின்றன. கேம்பிரிட்ஜின் மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரும், அந்த நிலையை அனுபவித்தவர்களும் கூட இருந்து உருவாக்கியது. ஆரம்பத் திரையிலேயே, இதில் மனச்சிதைவு அனுபவங்கள் காட்டப்படுகின்றன, இந்த நோய் உள்ளவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஹெட்போன் போட்டால் குரல்கள் நிஜமாகவே காதுக்குப் பின்னால் நகரும். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில், அடிக்கடி தோற்றால் எல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு மிரட்டல் வரும். அது வெறும் மிரட்டல்தான், பயப்படாதீர்கள். ஆடுபவருக்கும் செனுவாவின் பயம் தொற்ற வேண்டும் என்று செய்தது. நியாயம்தான், ஆனால் பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு இதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாலும் எல்லோருக்கும் கொடுக்காத ஆட்டமும் ஒன்று உண்டு. ‘தட் டிராகன், கேன்சர்’. ரையன், ஏமி கிரீன் தம்பதியின் மகன் ஜோயலுக்கு ஒரு வயதில் புற்றுநோய் தெரிந்தது. 2014இல், ஐந்து வயதில் போய்விட்டான். பெற்றோர் செய்த ஆட்டம் 2016 ஜனவரியில், அவன் பிறந்தநாளன்று வெளிவந்தது. குடும்பத்தின் குரல்களே உள்ளே இருக்கின்றன. ஒரு ராத்திரி, மருத்துவமனை அறை, குழந்தை அழுகிறான். தூக்குகிறீர்கள், ஜூஸ் கொடுக்கிறீர்கள், அழுகை நிற்கவில்லை. எதை அழுத்தினாலும் நிற்காது. பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்கும் என்பதுதானே கேம்? இங்கே அந்த ஒப்பந்தமே கிழிகிறது. கிறிஸ்தவ நம்பிக்கை ஆட்டத்தின் முதுகெலும்பு. அது சிலருக்கு ஆறுதலாக இருக்கும், சிலருக்கு அந்நியமாக இருக்கும்.

குழந்தையை இழந்தவர்களுக்கும், இப்போது வீட்டில் யாராவது கீமோவில் இருப்பவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கேட்டாலும் ‘வெண்பா’வைத்தான் கையில் கொடுப்பேன். மற்றவர்களுக்கும் இந்த ஆட்டங்களில் ஏதாவது ஒன்றுக்குப் பிறகு மனமூட்டம் இரண்டு நாள் கழித்தும் விலகாமல் இருந்தால், பேச ஆள் இருக்கிறது. அரசின் டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். நம்ம பக்கத்து ஆர்.ஏ.புரத்தில் சினேகா 1986இலிருந்து இயங்குகிறது, எண் 044-24640050.

பெரியம்மா இப்போது ‘ஸ்பிரிட்ஃபேரர்’ பார்க்கிறார். அதுல் மாமாவுக்கு இன்னும் என்ன பிடிக்கும் என்று தினமும் என்னைக் கேட்கிறார். அந்த விருந்து எப்போது வரும் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு லீவு போடுவதாக இருக்கிறேன்.