அட்டவணையில் அகப்படாத முரண்பாடு: 65பி சான்றிதழும் ஆறு தீர்ப்புகளும்

மின்னணுச் சான்றுக்கு 65பி சான்றிதழ் கட்டாயமா? இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இந்தப் பிரிவு 2000-இல் வந்தது. அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2005 முதல் 2020 வரை பல குரல்களில் பேசியது. சிசிடிவி பதிவோ செல்பேசி அழைப்புப் பட்டியலோ வழக்கில் வந்துவிட்டால், இரு தரப்பும் ஆளுக்கொரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். அதனால்தான் ஜூனியர்கள் இந்தப் புள்ளிக்கு அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறார்கள். இடப்பக்கம் வழக்கின் பெயர், வலப்பக்கம் ‘கட்டாயம்’ அல்லது ‘கட்டாயமில்லை’. தேடும் நேரம் மிச்சமாகிறது. ஆனால் இந்த இரண்டு பத்தி அட்டவணை, இல்லாத முரண்பாட்டைக் காட்டி, இருக்கும் முரண்பாட்டை மறைத்துவிடுகிறது.

அந்த வடிவத்தில் எழுதினால் நவ்ஜோத் சந்து ‘இல்லை’, அன்வர் ‘ஆம்’, டோமசோ புரூனோ ‘இல்லை’, சோனு ‘இல்லை’, ஷாஃபி முகமது ‘இல்லை’, அர்ஜுன் பண்டிட்ராவ் ‘ஆம்’ என்று வரும். நாலுக்கு இரண்டு. எண்ணிப் பார்ப்பவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதே பெரும்பான்மைக் கருத்து போலத் தோன்றும். ஆனால் தீர்ப்புகளைத் தலையெண்ணிக்கையால் எடை போடுவதில்லை. மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதை இரண்டு நீதிபதிகள் அமர்வு மாற்ற முடியாது. அமர்வின் அளவையும், நீதிமன்றம் உண்மையில் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்பதையும் சேர்த்தால் அதே ஆறு தீர்ப்புகள் இப்படி நிற்கின்றன:

| வழக்கு | அமர்வு | முன்னால் இருந்த பொருள் | முடிவான கேள்வி |
|---|---|---|---|
| நவ்ஜோத் சந்து, 2005 | 2 | அழைப்புப் பட்டியலின் அச்சுப்படி | பொது இரண்டாம் நிலைச் சான்று விதிகளின்படி ஏற்கலாமா |
| அன்வர், 2014 | 3 | நகலெடுத்த குறுந்தகடுகள் | சான்றிதழ் இல்லாத நகலை ஏற்கலாமா |
| டோமசோ புரூனோ, 2015 | 3 | எதுவும் இல்லை | பதிவைத் தராமல் விட்ட அரசுத் தரப்பின் நிலை என்ன |
| சோனு, 2017 | 2 | அழைப்புப் பட்டியல் | ஆட்சேபணையை மேல்முறையீட்டில் முதல்முறையாக எழுப்பலாமா |
| ஷாஃபி முகமது, 2018 | 2 | குற்ற இடக் காணொளி பற்றிய பொதுக் கேள்வி | கருவி கையில் இல்லாதவரும் சான்றிதழ் தர வேண்டுமா |
| அர்ஜுன் பண்டிட்ராவ், 2020 | 3 | தேர்தல் அலுவலகக் காணொளியின் நகல் | அன்வர் சொன்னது நிற்குமா |

டோமசோ புரூனோ வரிசையில் மூன்றாம் பத்தி கிட்டத்தட்டக் காலியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். வாரணாசி விடுதி ஒன்றில் இத்தாலியப் பயணி ஒருவர் இறந்த வழக்கு அது. விடுதியில் கேமரா இருந்தும் அதன் பதிவை அரசுத் தரப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவில்லை. நல்ல சான்றை மறைத்தால் அது எதிராகவே கொள்ளப்படும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பதிவே வராதபோது அதற்குச் சான்றிதழ் வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் தீர்ப்பு மின்னணுச் சான்றைப் பற்றிப் பொதுவாகப் பேசுகையில் நவ்ஜோத் சந்துவை மேற்கோள் காட்டியது. நான்கு மாதங்களுக்கு முன் வந்த அன்வரைக் குறிப்பிடவே இல்லை. அன்வர் தீர்ப்பை எழுதிய நீதிபதி குரியன் ஜோசப் இந்த அமர்விலும் இருந்தார் என்பது வியப்பளிக்கும் செய்தி. ‘கட்டாயமில்லை’ என்ற ஒற்றைச் சொல் இந்தத் தீர்ப்பை அன்வருக்குச் சமமான எதிரியாக நிறுத்திவிடுகிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம், முந்தைய சட்டத்தைக் கவனிக்காமல் சொல்லப்பட்டது என்று அதை ஒதுக்கியது. முடிவான கேள்வியைத் தனிப் பத்தியில் எழுதியிருந்த ஜூனியருக்கு அது 2015-லேயே தெரிந்திருக்கும்.

சோனுவும் இப்படித்தான் தவறான பக்கத்தில் போய் உட்கார்கிறது. அது சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரணை நீதிமன்றத்தில் ஆட்சேபித்திருந்தால் குறையைச் சரிசெய்ய மறுதரப்புக்கு வாய்ப்பு இருந்திருக்கும், அதை விட்டுவிட்டு மேல்முறையீட்டில் முதல்முறையாக எழுப்ப முடியாது என்றுதான் சொன்னது. கேள்வி ‘எப்போது’ என்பதைப் பற்றியது. அதை ‘வேண்டுமா’ என்ற கேள்வியின் கீழ் எழுதுவது பிழை.

உண்மையான மோதல் ஷாஃபி முகமதுவுக்கும் அர்ஜுன் பண்டிட்ராவுக்கும் இடையில் இருக்கிறது. அட்டவணையின் பலமும் குறையும் சேர்ந்து தெரிவதும் அங்கேதான். கருவி பிறர் கையில் இருந்தால் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை என்றது ஷாஃபி. அர்ஜுன் அதைத் தவறு என்று மாற்றியது: கருவி வைத்திருப்பவரிடம் கேள், தராவிட்டால் நீதிமன்றத்தை அணுகி உத்தரவு வாங்கு, சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. கட்டத்தில் ‘மாற்றப்பட்டது’ என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அர்ஜுன் வழக்கில் நடந்தது என்ன?

மகாராஷ்டிராவின் ஜால்னா தொகுதியில் 2014-இல் ஒரு வேட்புமனு பிற்பகல் 3 மணிக்குப் பிறகு வந்ததா என்பதே தகராறு. தேர்தல் அதிகாரியின் அலுவலகக் கேமராப் பதிவு அதற்குச் சான்று. வழக்குத் தொடுத்தவர்கள் சான்றிதழை அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கேட்டார்கள், நீதிமன்றம் வழியாகவும் முயன்றார்கள். கிடைக்கவில்லை. சான்றிதழ் கட்டாயம் என்று அறிவித்த அதே அமர்வு, தம்மால் ஆன எல்லாவற்றையும் செய்துவிட்டவரிடம் நடவாததைச் சட்டம் கேட்காது என்று அவர்களுக்கு விலக்கு அளித்தது. மற்றச் சான்றுகளும் போதுமானவையாக இருந்தன. தேர்தல் செல்லாது என்ற முடிவு நிலைத்தது.

ஆக, விதியில் ஷாஃபியும் அர்ஜுனும் எதிரெதிர். கருவி கையில் இல்லாத, ஆனால் முயன்று பார்த்த கட்சிக்காரருக்குப் பலன் ஏறக்குறைய ஒன்றே. முயலாமல் சும்மா இருந்தவருக்குத்தான் இரண்டும் வேறு. இரண்டு அமர்வுகளும் பிரிந்த சரியான இடம் இந்த ‘முயற்சி’. அது ஆம்-இல்லை கட்டத்துக்குள் அடங்காது. என் பார்வையில், ‘விதி’ என்றும் ‘இந்த வழக்கில் கிடைத்த பலன்’ என்றும் இரண்டு பத்திகள் இல்லாத அட்டவணை கட்சிக்காரருக்குத் தீங்கு செய்யும். சான்றிதழ் கேட்டுக் கடிதம் அனுப்பு, மறுத்தால் மனுப் போடு என்ற ஆலோசனை அந்த இரண்டாவது பத்தியிலிருந்துதான் பிறக்கிறது.

‘நகலா, மூலமா’ என்பதும் பத்தியாக வேண்டும். அன்வர் நகல்களைத்தான் தள்ளியது. மூலமே வந்திருந்தால் நிலை வேறு என்று அதுவே சொல்லியிருக்கிறது. தம் செல்பேசியைக் கொண்டுவந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொல்பவருக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று அர்ஜுன் அதைத் தெளிவாக்கியது. அன்வருக்கு நேரே வெறும் ‘ஆம்’ என்று எழுதினால் இந்த வாசல் அடைபட்டுவிடும்.

அட்டவணைக்கு இயல்பாகவே உள்ள குறை, அது போட்ட நாளோடு நின்றுவிடுவது. கருவியின் பொறுப்பாளர் சான்றிதழுக்குப் பதிலாக வாய்மொழிச் சாட்சியம் தரலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ராமஜெயம் வழக்கில் 2016-இல் சொன்னது. அர்ஜுன் தீர்ப்பு அதையும் பெயர் சொல்லியே ரத்து செய்தது. பழைய அட்டவணையை நம்பி இன்று அதை மேற்கோள் காட்டுபவர் எதிர்த்தரப்பிடம் வசமாக மாட்டிக்கொள்வார். இப்போது சட்டமே மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு நடப்பில் இருக்கிறது. அதன் சான்றிதழ்ப் படிவத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்காரர் தரப்பும், மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். மேலே உள்ள ஆறும் பழைய பிரிவுக்கு வந்த விளக்கங்கள். அவற்றில் எது புதிய பிரிவுக்கும் பொருந்தும் என்பதை வரிக்கு வரி வாதாடித்தான் நிறுவ வேண்டும்.

இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு வாதாடப்போகும் இளம் வழக்கறிஞர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் தீர்ப்பின் பத்தி எண்ணை எழுதுங்கள். தலைக்குறிப்பைப் பார்த்து நிரப்பாதீர்கள். எழுந்து பேசுவதற்கு முன் அந்தப் பத்தியையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்திகளையும் உங்கள் கண்ணாலேயே படித்துவிடுங்கள்.