எர்த் தின்ற இரண்டரை வோல்ட்: DT-830D மீட்டரோடு ஒரு பழைய கார்

சேலம் – நாமக்கல் பக்கம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் மஞ்சள் நிற DT-830D மல்டிமீட்டரை ஒரு பழைய காரில் வைத்துப் பார்த்தேன். காரின் நோய் இதுதான்: பவர் விண்டோ முக்கி முனகி ஏறுகிறது, வைப்பரும் சோம்பல். வைப்பர் ஓடும்போது விண்டோ பட்டனை அழுத்தினால் வைப்பர் நின்றே போகும். ஹெட்லைட் மட்டும் மங்காது. பேட்டரி நன்றாக இருக்கிறது, இரண்டு மோட்டாருக்கும் பொதுவான எர்த் கெட்டிருக்கிறது என்று அப்போதே சந்தேகம் வரவேண்டும். மெக்கானிக்கோ மோட்டாரை மாற்றச் சொல்லியிருந்தார்.

ஓம்ஸில் வைத்து எர்த்தைப் பார்ப்பது வீண் வேலை. இரண்டு புரோபையும் ஒட்டவைத்தாலே இந்த மீட்டர் அரை ஓம் வரை காட்டுகிறது. நாம் தேடும் கோளாறு அதைவிடச் சின்னது. டெஸ்ட் பல்பும் ஏமாற்றும். அது இழுக்கும் கொஞ்ச மின்சாரத்துக்குத் துருப்பிடித்த இணைப்பே போதும். அதனால் மோட்டார் ஓடும்போதே, 20 வோல்ட் டிசியில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இன்ஜின் ஓட, பேட்டரியில் 14.0. கண்ணாடி ஏறும்போது மோட்டார் முனைகளில் 10.4தான். மீதி 3.6 எங்கே? கறுப்பு புரோபை பேட்டரி நெகடிவில் கட்டினேன். ஒயர் எட்டாததால் சாதா மெல்லிய ஒயரைச் சேர்த்தேன். மீட்டர் வழியே மின்சாரம் ஓடுவதே இல்லை எனலாம், அதனால் அளவு மாறாது. சிவப்பு புரோபை மோட்டாரின் எர்த் பக்க ஒயரில் வைத்தால் 2.9. விண்டோ மோட்டாருக்கு எர்த் சுவிட்ச் வழியாகத்தான் வரும் என்பதால் அடுத்து சுவிட்சின் எர்த் பின்: 2.7. டிரைவர் கால் பக்கத் தகட்டுக்குப் பின்னாலுள்ள எர்த் போல்ட்டில், ஒயரின் வளையத்தில் 2.6. அதே போல்ட்டுக்குப் பக்கத்தில் சுரண்டிய பாடித் தகட்டில் 0.1. ஆக, ஒரே இணைப்பில் 2.5 வோல்ட் போகிறது. நல்ல இணைப்பில் 0.1 தாண்டக்கூடாது.

கால் மேட்டை நனைய நனையக் கழுவிய உப்புத் தண்ணீர்தான் அங்கே தேங்கியிருக்க வேண்டும். வளையத்தில் பச்சைக் களிம்பு, அடியில் துரு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, தகடு பளபளக்கும்வரை எமரி போட்டு, பல் வாஷரோடு முறுக்கி, மேலே வாசலின் பூசினேன். எர்த் இழப்பு 0.4க்கு இறங்கியது, மோட்டாருக்கு 12.9 வந்தது. வைப்பரும் சேர்ந்தே சுறுசுறுப்பானது.

மீட்டரின் குறை: எண் மெதுவாகத்தான் மாறும், கண்ணாடி ஏறி முடிவதற்குள் படித்துவிட வேண்டும். புரோபை 10A துளையில் விட்டு பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட். பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது.

பின் கதவுக் கண்ணாடி ஒன்று இன்னும் மெதுவாகத்தான் ஏறுகிறது. அங்கே மோட்டாருக்கு 13 வோல்ட் முழுசாகவே வருகிறது. ரப்பர் சேனல் காய்ந்துவிட்டது. சிலிகான் ஸ்பிரே அடித்துப் பார்க்க வேண்டும்.