பதவி மட்டும் போதுமா?

நேர்காணல் தேதி உறுதியானதும் ஹெச்ஆரைக் கூப்பிட்டு, "பேனல்ல இருக்கறவங்க பேர் வேண்டாம் மேடம், என்ன ரோல்ல இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க, தயார் பண்ணிக்கிறேன்" என்று கேட்க வேண்டுமாம். ஐ.டி. துறையில் வேலை மாறுகிறவர்களுக்கு இன்று சொல்லித்தரப்படும் யோசனைகளில் இதற்குத்தான் மதிப்பு அதிகம். மரியாதையும் கெடாது, தகவலும் கிடைக்கும், எல்லை மீறியதாகவும் ஆகாது என்று மூன்று நன்மைகளைச் சொல்லி இதைப் பரிந்துரைக்கிறார்கள். அண்மையில் ஒரு பயிற்சியாளர் இதையே நேர்காணல் தயாரிப்பின் முதல் படி என்று பேசியதைக் கேட்டபோது, நெடுநாளாக மனதில் இருக்கும் ஆட்சேபத்தை எழுதிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

பெயரை வற்புறுத்தாமல் விடுவது சரிதான். அதில் எனக்கு வழக்கில்லை. பெயர் தெரிந்த மறுநிமிடம் லிங்க்ட்இன்னில் தேடி நட்பு அழைப்பு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் படித்த கல்லூரியில் நமக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்து, சிபாரிசுக்கு வழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறுவனங்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. பேனலில் இருப்பவர்களும் கடைசி நேரத்தில் மாறுகிறார்கள். ஒருவருக்கு அவசர மீட்டிங் வந்தால் இன்னொருவர் உட்காருவார், அதற்கு ஹெச்ஆர் என்ன செய்ய முடியும்? பதவி தெரிந்தால் கொஞ்சம் பயனும் உண்டு. நான்கு பொறியாளர்களுக்கு நடுவே ஒரு ப்ராடக்ட் மேனேஜர் இருக்கிறார் என்றால், அவரிடம் பேசும்போது கலைச்சொற்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

நல்லது என்று சொல்ல இருப்பது அவ்வளவுதான். என் ஆட்சேபம் கேள்வியின் மரியாதையைப் பற்றியதல்ல. மரியாதையாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வியே தவறு. எதிரே உட்காருகிறவரின் பதவி, அவர் நம்மிடம் எதைச் சோதிக்கப் போகிறார் என்பதைச் சொல்வதில்லை.

ஓரளவு ஒழுங்காக ஆளெடுக்கும் நிறுவனத்தில் நேர்காணல் எப்படி அமைகிறது என்று பார்த்தால் இது விளங்கும். முதலில் அந்த வேலைக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று பட்டியலிடுகிறார்கள். நிரல் எழுதுவது, பெரிய அமைப்பை வடிவமைப்பது, பழுது கண்டுபிடிப்பது, சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தால் நடந்துகொள்ளும் விதம் என்று நான்கைந்து இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றிரண்டைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதற்கான கேள்விகளும் மதிப்பெண் தாளும் முன்கூட்டியே தயாராக இருக்கும். அந்த நாளில் யாருக்கு நேரம் இருக்கிறதோ, அந்தச் சுற்றை நடத்தப் பயிற்சி பெற்றவர் யாரோ, அவர் வந்து உட்காருவார். திறன் முதலில், ஆள் பிறகு. ஆளெடுப்பு முறைகள் குறித்த ஆய்வுகளைத் திரட்டி பால் சாக்கெட்டும் அவரது குழுவினரும் 2022இல் வெளியிட்ட மறுமதிப்பீட்டில், வேலைத் திறனை முன்கணிப்பதில் இப்படி வரையறுத்து நடத்தப்படும் நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. இந்த முறையில் ஆளின் பதவி ஏறக்குறைய தற்செயலானது. நாமோ அந்தத் தற்செயலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன்மேல் ஒரு வார உழைப்பைக் கொட்டுகிறோம்.

அமேசானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு பேனலிலும் 'பார் ரைசர்' என்று ஒருவர் இருப்பார். ஆள் தேவைப்படும் குழுவுக்கு வெளியே இருந்து வருகிறவர். ஆளை நிரப்பினால் போதும் என்ற அவசரத்தில் குழு தரத்தைத் தளர்த்திவிடக் கூடாது என்பதற்காகவே அவரை உட்கார வைக்கிறார்கள். வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. அவரது அன்றாட வேலை எதுவாகவும் இருக்கலாம். பதவியைக் கேட்ட ஒருவருக்கு, "சரக்குப் போக்குவரத்துப் பிரிவின் சீனியர் மேனேஜர் ஒருவர் இருக்கிறார்" என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாவம், அவர் இரவெல்லாம் கிடங்கு, லாரி, விநியோகம் என்று படிப்பார். வரப்போவதோ, மேலதிகாரியின் முடிவை நீங்கள் எதிர்த்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்கிற கேள்வி. கேட்கப்போவது எதை ஒட்டி என்பது ஒன்றும் ரகசியமில்லை. அந்த நிறுவனம் தன் 16 தலைமைப் பண்புகளையும் வெளியிட்டே வைத்திருக்கிறது. பேனலில் ஒவ்வொருவருக்கும் அவற்றில் சிலவற்றைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தயாராவதற்கு வேண்டியது அந்தப் பட்டியல். சீனியர் மேனேஜர் என்ற சொல்லில் அதன் வாசனைகூட இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே சொல்லத் தக்கது. ஆறேழு ஆண்டு அனுபவமுள்ள பேக்எண்ட் பொறியாளர். ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு நிறுவனத்தில் நான்கு சுற்று நேர்காணல். சொல்லிக்கொடுத்தபடியே கேட்டார். பதில் உடனே வந்தது: ஒரு சீனியர் இன்ஜினியர், ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு இன்ஜினியரிங் மேனேஜர், ஒரு டைரக்டர். அவர் போட்ட கணக்கு யாரும் போடக்கூடியதுதான். இன்ஜினியர் என்றால் நிரல், ஆர்க்கிடெக்ட் என்றால் அமைப்பு வடிவமைப்பு, மேனேஜர் என்றால் குழு அனுபவங்கள், டைரக்டர் என்றால் எதிர்காலத் திட்டமும் சம்பளமும். வடிவமைப்புக்கே நான்கு நாள் போயிற்று.

நடந்தது வேறு. ஆர்க்கிடெக்ட் முழுச் சுற்றையும் ஒரே விஷயத்தில் செலவழித்தார்: பழைய நிறுவனத்தில் நீங்கள் செய்த பணியில் தோல்வியில் முடிந்தது எது, யாருடன் மோதல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள். மேனேஜர் திரையைப் பகிர்ந்து, மெதுவாக ஓடும் ஒரு எஸ்க்யூஎல் வினவலையும் அதன் செயல்திட்டத்தையும் காட்டி, எங்கே இண்டெக்ஸ் விடுபட்டிருக்கிறது என்று கேட்டார். அவர் பத்தாண்டு டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு மேனேஜரானவர். பதவியில் அது தெரியாது. டைரக்டர்தான் வடிவமைப்பைக் கேட்டார். அங்கேதான் இந்தப் பெண் உண்மையில் சறுக்கினார். தயாரிக்காத பாடமில்லை அது, நான்கு நாள் படித்த பாடம். ஆனால் எதிரே இருப்பவர் டைரக்டர் என்ற நினைவில் நுணுக்கங்களை விட்டுவிட்டு மேலோட்டமாகப் பேசினார். பெரிய பதவியில் இருப்பவருக்கு கேஷ் எப்போது காலாவதியாகும், எழுதும் பளு எங்கே குவியும் என்றெல்லாம் சொல்லி அலுப்பூட்டக் கூடாது என்று நினைத்துவிட்டார். மதிப்பெண் தாளில் இருந்தது அந்த நுணுக்கங்கள்தான். "ஆழம் போதவில்லை" என்று பதில் வந்தது.

இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் யாரும் பேசாத கேடு இது. பதவி தெரிந்தால் தவறான பாடத்தைப் படிப்போம் என்பதோடு முடிவதில்லை. சரியான பாடத்தைப் படித்திருந்தாலும் பதிலை ஆளுக்குத் தக்கபடி வளைத்துவிடுகிறோம். நம் அலுவலகங்களில் பதவிக்கு இருக்கும் கனம் நமக்குத் தெரியும். டைரக்டர் என்றதும் குரல் இறங்குகிறது, வாக்கியம் சுருங்குகிறது, அவர் சொன்ன ஒரு தவறைத் திருத்த வாய் வருவதில்லை. எதிரே நான்கு ஆண்டு அனுபவமுள்ள இளைஞர் என்றால் நேர் எதிர்: சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பாதி பதில் போதும் என்று விட்டுவிடுகிறோம். பல நிறுவனங்களில் அந்த இளைஞர் எழுதும் குறிப்பும் டைரக்டர் எழுதும் குறிப்பும் முடிவெடுக்கும் கூட்டத்தில் ஒரே மேசையில் வைக்கப்படுகின்றன. முன்கூட்டியே பதவியைக் கேட்டு வாங்குகிறவர், இந்தப் பணிவையும் அலட்சியத்தையும் ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறார்.

எனக்கு இதில் எரிச்சலூட்டுவது, இந்தப் பழக்கம் இரு தரப்புக்கும் சௌகரியமாக இருப்பது. கேட்டவருக்கு ஏதோ தெரிந்துகொண்ட நிறைவு. ஹெச்ஆருக்கு ஒன்றும் சொல்லாமலே உதவி செய்துவிட்ட நிறைவு. இடையில் கன்சல்டன்சி இருந்தால் இன்னும் மோசம். அங்கே தொலைபேசியில் பேசுகிறவருக்கு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பேனல் பற்றி எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "டெக் லீட் ஒருத்தர், மேனேஜர் ஒருத்தர் இருப்பாங்க சார்" என்பார். எந்தப் பேனலுக்கும் பொருந்தும் பதில் அது. அதை நம்பிப் படிக்கிறவர், தேர்வுக்குப் போகும் மாணவன் பாடத்திட்டத்தை விட்டுவிட்டுக் கண்காணிப்பாளர் எந்த ஊர்க்காரர் என்று விசாரிப்பதைத்தான் செய்கிறார்.

பெயரையும் பதவியையும் மறைத்துக்கொண்டே அளவுகோலைத் திறந்து வைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண். எந்தக் குழுவின் முன் உட்காரப் போகிறோம் என்பது அன்றைக்கு அங்கே போனால்தான் தெரியும். ஆனால் எதைச் சோதிப்பார்கள் என்பது அறிவிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது: மன விழிப்பு, தெளிவாகவும் தர்க்கத்தோடும் எடுத்துரைப்பது, நிதானமான தீர்ப்பு, ஆர்வங்களின் விரிவும் ஆழமும், தலைமைப் பண்பு, நேர்மை. அந்தக் குழுக்கள் எல்லாம் அதன்படியே நடக்கின்றனவா என்பது தனி விவகாரம். அரசாங்கம் தானாக அச்சடித்துத் தரும் இந்த ஒன்றை, தனியார் நிறுவனத்திடம் நாம் கேட்பதுகூட இல்லை.

கேட்பது கடினமுமில்லை. "ஒவ்வொரு ரவுண்டும் எத்தனை நிமிஷம் மேடம்? அதுல எதைப் பார்ப்பாங்க? கோடு எழுதி ஓட்டிக் காட்டணுமா, இல்ல பேசினா போதுமா? எந்தத் தளத்துல நடக்கும்?" இதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. 45 நிமிடச் சுற்றில் அறிமுகமும் கடைசியில் நம் கேள்விகளும் போக 35 நிமிடம்தான் மிஞ்சும். நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றால் நடுத்தரமான ஒரு கணக்கு வரும், ஓட்ட வேண்டாம் என்றால் நீளமான விவாதம் வரும். கோடர்பேட் போன்ற தளத்தின் இணைப்பு வருகிறதா, வரைபலகையின் இணைப்பு வருகிறதா என்பதே பாதியைச் சொல்லிவிடும். வரைபலகை என்றால் வடிவமைப்பு. அழைப்பில் வீடியோ இணைப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் அனுபவங்களைக் கேட்கும் சுற்று. அந்த ஆர்க்கிடெக்ட் சுற்றுக்கான அழைப்பில் வரைபலகை இணைப்பு எதுவும் இல்லை. அந்தப் பெண் அதை இரண்டு முறை திறந்து பார்த்திருக்கிறார், பதவியைத் தெரிந்துகொண்ட தெம்பில் கவனிக்கவில்லை.

இப்படிக் கேட்டால் ஹெச்ஆர் சொல்ல மாட்டார்களே என்று பதவிக் கட்சியினர் சொல்வார்கள். கேள்வித்தாளைச் சொல்ல மாட்டார்கள், தலைப்பைச் சொல்வார்கள். காலி இடத்தை நிரப்புவதுதான் அவர்களது வேலை. தயாராக வரும் ஆள் அவர்களுக்கு லாபம். தலைப்பையும் சொல்ல முடியவில்லை என்றால் ஒன்று அவருக்கே தெரியாது, அல்லது அங்கே தலைப்பு என்று எதுவும் வகுக்கப்படவில்லை, பேனலில் உட்காருகிறவர் வாய்க்கு வந்ததைக் கேட்கப் போகிறார். இரண்டாவது என்றால், வேலை கிடைத்தால் எந்த மாதிரி இடத்தில் போய்ச் சேர்வோம் என்பதை ஒரே தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொண்டாயிற்று. 90 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பும் முன் தெரிய வேண்டிய செய்தி அது, சீனியர் மேனேஜர் ஒருவர் வருகிறார் என்ற தகவல் அதில் எந்த இடத்திலும் உதவாது.