முக்கும் பூனையும் இருபது நொடிப் படமும்
மருத்துவரின் மேசையில் பூனை உறைந்துபோய்க் கிடக்கும். வீட்டில் பட்ட பாட்டை அங்கே காட்டாது. நரிக்குடிப் பக்கம் மணலில் ஒதுங்கும் கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கினால், மலச்சிக்கல் என்று வீட்டார் விளக்கெண்ணெய் தேடுவார்கள். சிறுநீர்க் குழாய் அடைத்தாலும் அதே முக்கல்தான்.

இரண்டையும் பிரித்தறிய உதவுவது, வாலடியும் மணலும் தெரியப் பக்கவாட்டில் எடுத்த இருபது நொடிப் படம். பூனை எழுந்ததும் மணலையும் எடுக்க வேண்டும்: ஈரமா, சொட்டா, காய்ந்ததா? குரல் எழுப்பினால் அதுவும் பதிவாகட்டும். படம் எடுக்கும்போது நாம் பேசக் கூடாது.

படத்தோடு ஒரு குறிப்பும் வேண்டும். “சரியாகச் சாப்பிடவில்லை” என்பது குறிப்பே அல்ல. இப்படி இருக்க வேண்டும்: “நேற்றுக் காலை கருவாட்டுச் சோறு முழுக் கிண்ணம், இரவு பாதி, இன்று முகர்ந்துவிட்டு விலகியது. ஈர மணல் கடைசியாக நேற்று மாலை 6 மணிக்கு. இன்று காலை 7 முதல் 10 மணிக்குள் ஐந்து முறை முக்கல், ஒரு வாந்தி.” இதைப் படித்த மருத்துவர் முதலில் மூத்திரப்பையைத் தொட்டுப் பார்ப்பார், அடைப்பென்றால் அது கெட்டியாக உருண்டிருக்கும். வீட்டில் அதை அமுக்கிப் பார்ப்பது ஆபத்து.

முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அடுத்த படத்துக்குக் காத்திருக்கக் கூடாது. முழு அடைப்பில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். கையிலிருக்கும் ஒரு படத்தோடு அருப்புக்கோட்டை மருத்துவரிடம் கிளம்ப வேண்டியதுதான்.