எல்லோருக்குமாய் ஒரு நன்றி

யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் ஒருவர் இளைப்பாறினாலோ இடமாற்றம் பெற்றாலோ பிரியாவிடை வைபவம் நடக்கும். மாலை, பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா, பிறகு ரோல்ஸும் கேக்கும் தேநீரும். அங்கே நெடுநேரம் பேசுபவர்கள் பின்னால் தங்குபவர்கள். போகிறவர் முடிவில் எழுந்து ஏற்புரையாகச் சில வார்த்தை சொல்லி அமர்ந்துவிடுவார். அவருடைய சேவை எப்படிப்பட்டது என்பதை மற்றவர்கள் வாயால்தான் ஊர் கேட்கும்.

சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள், தனியார் வங்கிக் கிளைகள், அண்மையில் முளைத்த மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றோடு குடாநாட்டுக்குள் வந்த கடைசி நாள் மின்னஞ்சல் இந்த ஒழுங்கை மாற்றிவிட்டது. இங்கே போகிறவர் தானே எழுதுகிறார். தன் காலத்தைத் தானே மதிப்பிட்டு, எல்லோருக்கும் நன்றி கூறி, தன்னைத் தேட வேண்டிய மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கடைசி வரிகளில் விட்டுச் செல்கிறார். இதை வெறும் சடங்கென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இரண்டு வேலைகளை ஒரே மடலில் செய்ய முயல்வதுதான் இதன் சிக்கல். முகவரி விடுவது எல்லோருக்குமான காரியம். நன்றி சொல்வது ஒருவருக்கொருவர் செய்யும் காரியம். எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்பும்போது முதலாவது நன்றாக நடக்க வாய்ப்பிருக்கிறது. இரண்டாவது ஏறத்தாழ எப்போதும் தோற்றுப்போகிறது.

நாம் அடிக்கடி பெறும் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டுத் திட்டம் ஒன்று முடிகிறது. களப் பொறுப்பாளர் விலகுகிறார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு, ஊழியர் அனைவருக்குமான முகவரிக்கு, ஆங்கிலத்தில் மடல் வருகிறது. இன்று தன் கடைசி நாள் என்பது முதல் பந்தி. இங்கே கற்றது ஏராளம், நீங்கள் எனக்குக் குடும்பம் போல என்பது இரண்டாவது. மூன்றாவதில் பணிப்பாளரிலிருந்து தொடங்கிப் பதவி வரிசையில் பெயர்கள் இறங்குகின்றன. தெரியாமல் யாரையும் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்று நான்காவது. கடைசியில் ஒரு சொந்த மின்னஞ்சல், ஒரு கைத்தொலைபேசி இலக்கம்.

இதில் பெயர்ப்பட்டியலும் மன்னிப்பும்தான் அதிகம் கெடுப்பவை. பட்டியலில் இருப்பவர் தன் பெயரைப் பார்த்து ஒரு கணம் மகிழ்வார். இல்லாதவர் அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார். எழுதியவர் மறதியால் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று அந்த அலுவலகத்தில் ஒரு கிழமை பேச்சு நடக்கும். மன்னிப்பின் நிலை இன்னும் மோசம். யாரை நோகடித்தோம் என்பது மூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்தவருக்குப் பெரும்பாலும் தெரியும். அந்த ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதை அறுபது பேருக்குப் பொதுவாகச் சொன்னால், சொல்ல வேண்டியவருக்குச் சொல்லாமலே கடமை முடிந்த உணர்வு வந்துவிடுகிறது.

நன்றியும் அப்படித்தான். 2021 இல் பயணக் கட்டுப்பாடு இருந்த மாதங்களில், மருதங்கேணிப் பக்கத்துக் கள அறிக்கைகளை ஒருவர் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதி முடித்துத் தந்திருந்தால், அதற்கான நன்றி அந்த வேலையின் பெயரோடு அவருக்கு மட்டும் போக வேண்டும். இரண்டே வரி போதும். பொது மடலில் அது ‘உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று கரைந்துபோகும்போது, அந்த வேலையைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே அளவு கிடைக்கிறது. செய்தவர் அதைக் கவனிப்பார்.

இன்னும் ஒரு கூட்டத்தாருக்கு அந்த மடல் போவதே இல்லை. சாரதி, காவலாளி, தேநீர் போடும் அக்கா, துப்புரவு செய்பவர், நாட்கூலிக்குக் களத்தில் கணக்கெடுத்த பிள்ளைகள். இவர்களில் பலருக்கு நிறுவன மின்னஞ்சல் கணக்கு இல்லை. சிலர் வேறு கம்பனி அனுப்பிய ஆட்கள் என்பதால் ஊழியர் பட்டியலிலேயே இல்லை. ஏ-9 வீதியில் விடியப்புறம் கிளம்பி இரவில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த சாரதிக்குக் கடன்பட்ட அளவுக்குக் கொழும்புத் தலைமையகத்தின் கணக்குப் பிரிவுக்கு எந்தக் கள உத்தியோகத்தரும் கடன்பட்டிருக்க மாட்டார். ஆனால் மடல் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. பிரியாவிடை வைபவத்தில் அந்தச் சாரதி கதவோரத்திலாவது நிற்பார், கைகொடுப்பார். மின்னஞ்சல் வந்தபின் வைபவத்தையே கைவிட்ட அலுவலகங்களில் அந்தக் கைகொடுப்பும் போய்விட்டது. இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், மடலின் கடைசி இரண்டு வரிகளுக்காக இந்த வழக்கம் இருக்க வேண்டும் என்பேன். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. அதுவரை பக்கத்து மேசையில் வேலை செய்தவர் எந்தப் பள்ளிக்கூடத்தில், யார் வீட்டு விறாந்தையில், பிறகு வன்னியில் எந்தக் காட்டோரம் இருக்கிறார் என்பதை விசாரித்து விசாரித்துத்தான் அறிய முடிந்தது. செஞ்சிலுவைக் கடிதங்கள் வழியாகவும், ஆள் மூலம் கொடுத்தனுப்பிய துண்டுகள் வழியாகவும் தொடர்பைத் தேடிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. முகவரி சொல்லிவிட்டுப் போகும் வசதி எவ்வளவு பெரியது என்பதை இந்த மண்ணுக்கு விளக்க வேண்டியதில்லை. வைபவம் அறைக்குள் இருந்தவர்களுக்கானது. மடலோ கிளிநொச்சிக் கிளைக்கும் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் ஒரே நேரத்தில் சேர்ந்து, ஐந்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. நற்சான்றுக் கடிதம் கேட்கவும், வேறொரு திட்டத்துக்கு ஆள் தேடவும் அந்த மடலைத் தோண்டி எடுப்பவர்கள் பலர்.

ஆனால் அந்த இரண்டு வரிகளைத்தான் பலர் கவனமின்றி எழுதுகிறார்கள். கொடுக்கும் இலக்கம் நிறுவனம் தந்த சிம்முக்குரியதாக இருந்தால், திங்கட்கிழமை அது அடுத்தவர் கையில் இருக்கும். சொந்த இலக்கம் என்றாலும் 077 என்று தொடங்கி எழுதினால், கனடாவிலோ லண்டனிலோ இருந்து அழைக்கும் பழைய சக ஊழியருக்கு அது அப்படியே உதவாது. பூச்சியத்தை நீக்கி +94 77 என்று எழுத வேண்டும். வெளிநாடு போகிறவருக்கு வேறொரு சிக்கல். 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளியே செல்ல வழி திறந்த பிறகு, முழுதாக விலகாமலே போனவர்கள் எத்தனையோ பேர். உள்ளூர் சிம் மீள்நிரப்பப்படாமல் கிடந்து காலாவதியானால், அந்த இலக்கம் பின்னர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகக்கூடும். அப்படிப்பட்டவர்கள் இலக்கத்தை விட்டு, மாறாத சொந்த மின்னஞ்சல் ஒன்றை மட்டும் தருவதே நல்லது.

பெண்கள் தங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தை அறுபது பேருக்கு அனுப்பத் தயங்குவது நியாயமானது. பொதுப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுபவருக்கே முழுதாகத் தெரியாது. இரவில் வரும் தேவையற்ற செய்திகளுக்கு அந்த மடலே வாசலாகிவிடும். பொது மடலில் மின்னஞ்சலை மட்டும் கொடுத்து, இலக்கத்தை வேண்டியவருக்குத் தனியே அனுப்பினால் யாரும் குறை நினைக்கப் போவதில்லை. எல்லோரையும் Bcc இல் போட்டு அனுப்பினால் இன்னொரு தொல்லையும் குறையும். Reply all அழுத்தி வரும் ‘வாழ்த்துக்கள்’ நாற்பது மடல்கள் அன்றைய பின்னேரத்தை நிரப்பாது. பதில் எழுத விரும்புகிறவர் போகிறவருக்கு மட்டும் எழுதுவார், அதனால் உண்மையாகவும் எழுதுவார்.

மடல் வரும் நேரமும் கெடுக்கிறது. நாலரை மணிக்கு மடல், ஐந்து மணிக்குக் கணக்கு மூடப்படும். திங்கட்கிழமை காலை அதைத் திறந்து, மனம் நெகிழ்ந்து பழைய முகவரிக்கே பதில் எழுதுகிறவருக்கு 550 5.1.1 என்ற எண்ணோடு மடல் திரும்பி வருகிறது. கீழே சொந்த முகவரி இருக்கிறது என்று மீண்டும் தேடி எழுதுகிறவர் சிலர்தான். இரண்டு மூன்று நாட்கள் முன்கூட்டி அனுப்பினால் பதில்கள் உரியவர் கைக்குச் சேரும். விட்டுப்போன வேலையைக் கேட்கவும் அவகாசம் இருக்கும்.

இந்த இடத்தில் அரச அலுவலக வழக்கம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வு வயது அறுபதாக்கப்பட்டபோது, நாடு முழுவதும் பெருந்தொகையான உத்தியோகத்தர்கள் 2022 டிசெம்பர் 31 உடன் சேவையிலிருந்து நீங்கினார்கள். அது சனிக்கிழமை, பலருக்கு உண்மையான கடைசி நாள் அதற்கு முந்திய வெள்ளி. பல பிரதேச செயலகங்களில் மின்னஞ்சல் முகவரி பதவிக்குரியது, ஆளுக்குரியது அல்ல. ஆகவே ஆள் போனாலும் முகவரி நின்றது. அடுத்து வந்தவர் அதைத் திறந்தார், பொதுமக்களின் கடிதம் திரும்பிப் போகவில்லை. போனவரைத் தேடத்தான் வழி இல்லை. வட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் வெளியேறினார் என்ற ஒரு வரி மட்டும், அதுவும் குழு நிர்வாகியின் திரையில் மட்டும் நின்றது. தொண்டு நிறுவனத்திலும் வங்கியிலும் முகவரி ஆளின் பெயரில் இருப்பதால் ஆளோடு சேர்ந்து அதுவும் அணைகிறது. அங்கே போகிறவர் சொந்த முகவரியை மட்டும் தந்து, தன் வேலையை இனி யார் பார்க்கிறார் என்று எழுதாமல் விட்டால், உதவித்தொகை பற்றி விசாரித்து எழுதிய பயனாளியின் மடல் எவர் கண்ணிலும் படாமல் போகும்.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு எழுதுபவருடையது மட்டுமல்ல. அழிக்கப்பட்ட கணக்கை மைக்ரோசொஃப்ட் சேவையில் 30 நாட்களுக்குள்ளும் கூகுள் சேவையில் 20 நாட்களுக்குள்ளும் நிர்வாகி மீட்டெடுக்கலாம். அதன் பிறகு உள்ளே இருந்த மடல்கள் பொதுவாகத் திரும்பாது. விலகியவருடைய கணக்கை உடனே அழிக்காமல், கடவுச்சொல்லை மட்டும் மாற்றி, ஒரு மாதத்துக்குத் தானியங்கிப் பதில் ஒன்றை வைத்திருக்க நிறுவனத்தால் முடியும். இன்னார் இப்போது இங்கே இல்லை, இந்த வேலைக்கு இன்னாருக்கு எழுதுங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று வரி. போகிறவர் சம்மதித்தால் அவருடைய சொந்த முகவரியை நான்காவது வரியாகச் சேர்க்கலாம். சம்மதத்தை அவர் கதவைத் தாண்டுவதற்கு முன், விலகல் படிவத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.