தொம்பையின் குஞ்சம் அறுபடாமல்

கார்த்திகை நெருங்கும்போது திருவண்ணாமலைச் சுவர்களில் தீபத் திருவிழா போஸ்டர்கள் ஏறத் தொடங்கும். முன்னால் அண்ணாமலையாரின் பெரிய தேர், பின்னால் இருண்ட மலை, உச்சியில் ஜோதி. உண்மையில் தேரோட்டம் ஏழாம் நாள், மகாதீபம் பத்தாம் நாள் மாலை. இரண்டும் ஒரே தாளில் சேர வேண்டுமென்றால், பகல் கூட்டத்துக்கு நடுவே எடுத்த படத்திலிருந்து யாராவது தேரைத் தனியே வெட்டி எடுத்தாக வேண்டும். அந்தக் கை நல்ல கையா என்று தெரிந்துகொள்ள நான் சுவாமியின் முகத்தைப் பார்ப்பதில்லை. தொம்பைகளின் அடியில் தொங்கும் குஞ்சத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

தேரடி வீதியில் ஒரு மாடியிலிருந்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 6000 பிக்சல், அகலம் 4000. அதை 20க்கு 30 அங்குலப் போஸ்டரில் நிரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல் கிடைக்கும். குஞ்சத்தின் ஒரு நூல் படத்தில் மூன்று பிக்சல் தடிமன்தான் என்றால், அச்சில் அரை மில்லிமீட்டர்கூட வராது. ஓரத்தை மிருதுவாக்குகிறேன் என்று இரண்டு பிக்சல் ஃபெதர் கொடுத்தாலே அந்த நூல் கரைந்துவிடும். தேர் அப்போது மழையில் நனைந்த துணிமூட்டை போலத் தெரியும்.

கைதேர்ந்த டிசைனர் தேர் முழுவதையும் ஒரே வழியில் வெட்டுவதில்லை. மரக்குதிரைகள், யாளிகள், உச்சிக் கலசம் ஆகியவற்றுக்குத் திடமான விளிம்பு உண்டு. அங்கே பென் டூலில் புள்ளி வைத்து, ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே தள்ளியே கோடு போடுவார். துணியும் தோரணமும் வானத்தில் ஆடும் மேல்பகுதிக்குப் பென் உதவாது. அங்கே அவர் Channels பலகையைத் திறந்து நீலத்தை மட்டும் பார்ப்பார். தேர்ச்சீலையின் சிவப்பிலும் மஞ்சளிலும் நீலம் மிகக் குறைவு என்பதால் அவை ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். கார்த்திகை மாதத்து மேகமூட்டமோ வெள்ளையாக நிற்கும். வெட்டவேண்டிய வடிவத்தில் பாதி அங்கே தானாகவே வரைந்து கிடக்கும்!

அந்தச் சேனலை நகல் எடுத்து, கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்டு, Levels கொண்டு வேறுபாட்டைக் கூட்டுவார். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். ஒரேயடியாக இழுத்தால் நூலோரத்துச் சாம்பல் நிறம் செத்து, குஞ்சம் மணி மணியாக அறுந்து நிற்கும். அதனால் கொஞ்சம் இழுத்து நிறுத்திவிட்டு, வானத்தில் மிச்சமிருக்கும் அழுக்கை Burn கருவியால் நிழல்களில் மட்டும் கறுப்பாக்குவார். தேரின் உட்புறத்தை வெள்ளைத் தூரிகையால் நிரப்புவார். வெள்ளைப் பட்டைத் துணியும் ஜரிகையும் நீலத்திலும் பளிச்சென்றே இருக்கும், சேனல் அவற்றை வானம் என்று எண்ணிவிடும். அந்த இடங்களைக் கையால்தான் மீட்க வேண்டும்.

ராஜகோபுரம் பின்னால் வரும் பக்கம் இன்னும் கடினம். 217 அடிக் கோபுரத்தின் சுதையும் நிழலும் தோரணத்தின் நூலோடு பின்னிக்கொள்ளும். அங்கே எந்தச் சேனலும் கைகொடுக்காது. வானத்துப் பக்கம் நன்றாக வெட்டுப்பட்ட தொம்பையின் குஞ்சத்தை எடுத்து இந்தப் பக்கத்துத் தொம்பையில் பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் தவறு காணமாட்டேன். அதே தேரின் துணி, அதே தையல்.

வெட்டி முடித்ததும் அடியில் கருநீலத்தை வைத்துப் பார்த்தால், நூல்களைச் சுற்றி வெளிறிய ஓரம் தெரியும். அது பகல் வானம். நூலின் அரைகுறைப் பிக்சல்களில் கலந்து கூடவே வந்துவிட்டது. ஓரத்தை இன்னும் சுரண்டினால் வானத்தோடு நூலும் போய்விடும். தேருக்கு மேல் ஒரு லேயர் வைத்து, அதைத் தேருக்குள் மட்டும் விழும்படி கட்டி, Multiply முறையில் பக்கத்துத் துணியின் நிறத்தையே எடுத்துப் பூசுவதுதான் வழி. நூல் நூலாகவே இருக்கும், வெளிறல் மட்டும் அடங்கும். பிறகு முழு அளவில் வைத்து இடைவெளிகளைச் சோதிக்க வேண்டும். இரண்டு தொம்பைகளுக்கு நடுவில், குதிரையின் கால்களுக்கு இடையில், குடையின் தொங்கலுக்குக் கீழே என்று பழைய வானத்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் பல. அவசரக் கைகள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

அடிப்பகுதியில் சக்கரங்களைக் கூட்டம் மறைத்திருக்கும். வேறொரு படத்துச் சக்கரத்தைக் கொண்டுவந்து ஒட்டித் தேரைச் சுத்தமாக நிறுத்தும் போஸ்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. கோணம் பொருந்தாது, கனமும் வராது. தேர் தரையில் நிற்காமல் மிதக்கும். கூட்டத்தை முழுக்க நீக்காமல், சக்கரத்தை ஒட்டிய தலைகளையும் வடம் பிடித்த கைகளையும் விட்டுவைத்து, கீழே மாஸ்க்கை மெல்ல இருட்டில் கரைக்கிறவர்தான் தேரோட்டம் பார்த்தவர். குஞ்சத்தை நூல் நூலாகக் காப்பாற்றியவர், இழுக்கும் கைகளை மட்டும் ஏன் வெட்டிப் போட வேண்டும்?