அளவைச் சொற்களின் வரிசை: பகுப்பாய்வு நூலின் ஓர் இயலைத் தமிழாக்குவதில் எழும் தொடரியற் சிக்கல்

கணித நூல்களைத் தமிழாக்குவது பற்றிய ஆய்வுரைகள் பெரும்பாலும் கலைச்சொற்களோடு நின்றுவிடுகின்றன. தமிழகத்தில் கணம், அணி, பகா எண் என வழங்குவன இலங்கைப் பாடநூல்களில் தொடை, தாயம், முதன்மை எண் என வழங்குகின்றன. இவ்வேறுபாடு உண்மையானதே, எனினும் ஒரு பக்க அளவிலான சொற்பட்டியல் இதனைத் தீர்த்துவிடும். பட்டியலால் தீராத சிக்கல் வரையறைகளின் தொடரமைப்பில் உள்ளது. சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தும் வரையறை பொய்யாகிவிடக் கூடும் என்பதே இங்குக் காட்டப்படுவது.

வால்டர் ரூடின் 1953-இல் வெளியிட்ட கணிதப் பகுப்பாய்வு நூலின் நான்காம் இயல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவ்வியலின் பொருள் தொடர்ச்சி. ரூடின் வரையறைகளைப் பொதுவான தொலைவு வெளிகளில் அமைக்கிறார். இங்கு மெய்யெண்கள் மட்டும் போதும். f என்னும் சார்பு p என்னும் புள்ளியில் தொடர்ச்சியானது என்பதன் உள்ளடக்கத்தைக் குறியீட்டில் எழுதினால் இவ்வாறு அமையும்:

∀ε > 0 ∃δ > 0 ∀x (|x − p| < δ ⇒ |f(x) − f(p)| < ε)

இதில் முதலில் ε வருகிறது. அதனைப் பார்த்த பின்னரே δ தேர்ந்தெடுக்கப்படுகிறது. X இறுதியில் வருகிறது. ஆங்கிலத்தில் முதன்மை வினை முன்னே நிற்க, நிபந்தனைகள் பின்னே தொடரும். ஆதலால் ஆங்கில வாக்கியம் இந்த வரிசையை ஏறத்தாழ அப்படியே பின்பற்றுகிறது. தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன் வரும். வினை இறுதியில் வரும். ஆகவே ஆங்கில வரையறையை ஒரே வாக்கியமாகத் தமிழாக்க முயல்பவர், தமிழ் மரபு வழுவாமலேயே, பின்வருமாறு எழுதிவிட வாய்ப்புண்டு: ‘|x − p| < δ ஆகும் எல்லா x-க்கும் |f(x) − f(p)| < ε ஆகுமாறு ஒரு δ > 0 ஒவ்வொரு ε > 0-க்கும் இருக்குமாயின், f ஆனது p-இல் தொடர்ச்சியானது எனப்படும்.’

இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் முதலில் x-ஐயும், பின்னர் δ-வையும், கடைசியில் ε-ஐயும் சந்திக்கிறார். ‘ஒரு’ என்னும் சொல்லோ ‘ஏதோ ஒன்று’ எனவும் ‘ஒன்றே ஒன்று’ எனவும் பொருள்படக் கூடியது. எனவே ‘ஒரு δ எல்லா ε-க்கும் பொருந்த வேண்டும்’ எனக் கொள்ள இவ்வாக்கியம் தாராளமாக இடந்தருகிறது. அப்படிக் கொண்டால் விளைவு என்ன? அந்த δ தொலைவுக்குள் உள்ள எந்த x-க்கும் |f(x) − f(p)| என்பது எல்லா மிகை எண்களையும்விடச் சிறியதாக வேண்டும். அதாவது சுழியமாக வேண்டும். p-இன் அருகில் மாறாதிருக்கும் சார்புகள் மட்டுமே அங்குத் தொடர்ச்சியானவை ஆகும். f(x) = x என்னும் எளிய சார்புகூட எந்தப் புள்ளியிலும் தொடர்ச்சி அற்றதாகிவிடும்.

இப்பிழை வெளிப்படையானது, விழிப்புள்ள மாணவர் கண்டுபிடித்துவிடுவார். இதனினும் நுட்பமான பிழை, சீரான தொடர்ச்சியின் வரையறை வரும்போது நேர்கிறது. தொடர்ச்சியில் δ என்பது ε-ஐயும் p-ஐயும் சார்ந்தது. சீரான தொடர்ச்சியில் ε-ஐ மட்டுமே சார்ந்தது. இவ்வேறுபாட்டை ரூடின் வரையறையை அடுத்துத் தனியே விளக்குகிறார். f(x) = x² என்னும் சார்பையும் ε = 1 என்னும் அளவையும் கொண்டால் வேறுபாடு கண்முன் தெரியும். p மிகை எண்ணாயின், தகுதியுள்ள δ-க்களில் மிகப் பெரியது √(p² + 1) − p ஆகும். p = 1 எனில் அது ஏறத்தாழ 0.414; p = 10 எனில் 0.05; p = 100 எனில் 0.005. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு δ உண்டு. எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான δ இல்லை. ‘எல்லா p-க்கும் ஒரு δ உண்டு’ என்னும் தமிழ்த் தொடரோ இவ்விரண்டில் எதையும் குறிக்கும். இத்தகைய மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். கோஷி 1821-இல், தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் கூட்டல் தொடர் தொடர்ச்சியான சார்பையே தரும் என எழுதினார். 1826-இல் ஏபெல் அதற்கு விதிவிலக்கு காட்டினார். பிற்காலத்தார் அங்குக் கண்ட குறையும், ஒரே அளவு எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்துமா என்பதை வாக்கியம் சொல்லாமல் விட்டதே.

இதற்குத் தீர்வு தமிழின் உள்ளேயே இருக்கிறது. ‘ஒவ்வொரு ε-க்கும்’ என்பது நான்காம் வேற்றுமைத் தொடர். வாக்கியத்தில் எங்கும் நகரும். ‘எந்த ε-ஐ எடுத்துக்கொண்டாலும்’ என்பதோ வினையெச்சத் தொடர். அது வாக்கியத்தின் தலையில் இயல்பாக நின்று, பின்வருவன அனைத்தையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவருகிறது. ‘ஏதேனும் ஓர் ε-க்கு’ என்பதை அறவே தவிர்க்க வேண்டும். அது ‘எல்லா’ எனவும் ‘ஏதோ ஒரு’ எனவும் பொருள்படும். δ எதைச் சார்ந்தது என்பதைச் சுட்டுப்பெயரால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அவ்வாறு எழுதினால் வரையறை இப்படி அமையும்: ‘எந்த மிகை எண் ε-ஐ எடுத்துக்கொண்டாலும், அந்த ε-க்கும் p-க்கும் ஏற்ற ஒரு மிகை எண் δ உண்டு. அந்த δ-வின் தன்மையாவது: |x − p| < δ ஆகுமாறு எந்த x-ஐ எடுத்தாலும் |f(x) − f(p)| < ε ஆகும்.’ சீரான தொடர்ச்சிக்கு ‘அந்த ε-க்கு ஏற்ற, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே δ உண்டு’ என்றால் போதும். ‘ஒரு’, ‘ஒரே’ என்னும் வேறுபாடு இங்குப் பெரும் பணி செய்கிறது. ஒரே வாக்கியம் இரண்டாகிவிட்டதே என்று மூலத்தின் வடிவை மதிப்பவர் வருந்தலாம். ஆனால் காக்கப்பட வேண்டியது அளவைச் சொற்களின் வரிசை. வாக்கியத்தின் எண்ணிக்கை அன்று.

எதிர்மறையில் சிக்கல் மீண்டும் தலைதூக்குகிறது. ‘இல்லை’ வாக்கியத்தின் ஈற்றில் நிற்பதால், ‘எல்லா ε-க்கும் δ இல்லை’ என்பது ‘எந்த ε-க்கும் இல்லை’ எனவும் ‘சில ε-களுக்கு இல்லை’ எனவும் பிரியும். ஆகவே x² சீரான தொடர்ச்சி உடையதன்று என நிறுவும்போது எதிர்மறையை உடன்பாட்டு வாக்கியமாக விரித்தெழுதுவதே பாதுகாப்பானது: ‘ε = 1 என்க. எந்த மிகை எண் δ தரப்பட்டாலும், p = 1/δ எனவும் x = p + δ/2 எனவும் தேர்க. அப்போது |x − p| = δ/2 < δ. ஆனால் x² − p² = 1 + δ²/4 > 1.’ இங்குத் தமிழின் வியங்கோள் மிக நன்கு உதவுகிறது. ‘தரப்பட்டாலும்’ என்பது பிறர் கையில் உள்ள தேர்வு. ‘தேர்க’ என்பது நிறுவுபவர் கையில் உள்ள தேர்வு. இவ்விரண்டுக்கும் ‘என்க’ என்றே எழுதுவோர் நிறுவலின் முதுகெலும்பை மறைத்துவிடுகின்றனர்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க எளிய வழியொன்று உண்டு. மூலத்தைக் காணாத இருவரிடம் தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து, ∀, ∃ குறியீடுகளால் எழுதச் சொல்லலாம். இருவர் எழுதும் வரிசையும் வேறுபட்டால், குறை வாக்கியத்தினுடையது. நடை நயம் பார்க்கும் மேலாய்வாளர் இக்குறையைப் பெரும்பாலும் காண்பதில்லை. மேலே காட்டிய பிழையான வாக்கியம் நடையில் குறைந்ததன்று.

பிழையின் முழு விலை அதே இயலில் வரும் தேற்றத்தில் தெரிகிறது. நெருக்கமான வெளியில் தொடர்ச்சியான சார்பு சீரான தொடர்ச்சி உடையது என்னும் அத்தேற்றத்தை நிறுவும்போது, ரூடின் ஒவ்வொரு p-க்கும் உரிய தொலைவை φ(p) என எழுதுகிறார்; அதன் சார்புநிலை குறியீட்டிலேயே தெரிகிறது. பின்னர் முடிவுறு எண்ணிக்கையிலான புள்ளிகள் போதும் எனக் காட்டி, அவற்றின் φ மதிப்புகளுள் சிறியதன் பாதியை δ எனக் கொள்கிறார். p-இன் எண்ணிக்கை முடிவற்றதாயின் அச்சிறுமம் இல்லாமற் போகலாம். நெருக்கம் தேவைப்படுவது அங்குதான். தொடர்ச்சியின் வரையறையிலேயே ‘எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரு δ’ என்று படித்துவிட்ட மாணவருக்கோ, இத்தேற்றத்தில் நிறுவ எதுவும் மிஞ்சியிருப்பதாகத் தோன்றாது.